ரிட்டர்ன் விதிகளைத் திருத்தி எழுதுவது: ஒரு சேலைக் கடையின் ஆறு வாக்கியங்கள்

கேள்வி: கைத்தறிப் பருத்திச் சேலைகளை எங்கள் சொந்த வெப்சைட்டிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறோம். ரிட்டர்ன் விதிகளைப் படித்தவர்கள் "ரொம்பக் கறாராக இருக்கிறதே" என்கிறார்கள். படிக்காதவர்கள் வாங்கிய பிறகு சண்டைக்கு வருகிறார்கள். உண்மையில், பிடிக்கவில்லை என்றால்கூட 7 நாளுக்குள் திருப்பி வாங்கிக்கொள்கிறோம். அதை எழுதினால் எல்லாரும் அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் எழுதவில்லை. விதிவிலக்குகள் தெளிவாகவும் தொனி மரியாதையாகவும் இருக்கும்படி இதை எப்படி மாற்றுவது? இப்போது இருப்பது இது:

"விற்ற பொருட்கள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது. சேதமடைந்த பொருட்கள் மட்டும் 48 மணி நேரத்திற்குள் தெரிவிக்கப்பட்டால் பரிசீலிக்கப்படும், தள்ளுபடிப் பொருட்கள் தவிர. அன்பாக்சிங் வீடியோ கட்டாயம், இல்லையெனில் எந்தப் புகாரும் ஏற்கப்படாது. துவைத்த, தைத்த சேலைகளுக்கு ரிட்டர்ன் கிடையாது. நிற வேறுபாட்டுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. நிர்வாகத்தின் முடிவே இறுதியானது."

பதில்:

தொனியை அப்புறம் பார்ப்போம். இந்த ஆறு வாக்கியங்களும் கறாராகத் தெரிவதற்குக் காரணம் சொற்கள் மட்டுமல்ல. இரண்டு வேறு விஷயங்கள் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருக்கின்றன. வாடிக்கையாளருக்குச் சேலை பிடிக்காமல் போவது ஒன்று. நீங்கள் அனுப்பியதில் தவறு இருப்பது இன்னொன்று. இவை இரண்டையும் பிரித்து எழுதிவிட்டால் விதிவிலக்குகள் தாமாகவே அவற்றின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். பாதிக் கடுமையும் அப்போதே போய்விடும்.

பிடிக்காமல் திருப்பி அனுப்புவது நீங்களாகத் தரும் சலுகை. இந்தியச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. எத்தனை நாள், எந்தச் சேலைக்கு உண்டு, எதற்குக் கிடையாது, கூரியர் செலவு யாருடையது என்பதையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளலாம். வாங்கும் முன் சொல்லிவிட்டால் போதும்.

தவறான பொருள் விஷயம் அப்படி இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை விற்றுவிட்டுத் திருப்பி வாங்கவும் பணம் தரவும் மறுப்பது நேர்மையற்ற வணிக முறை. பில்லில் கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாள் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. ஆன்லைனில் விற்பவர்களுக்கு 2020-இல் வந்த மின் வணிக விதிகள் இன்னும் கொஞ்சம் விரிவானவை. குறையுள்ளது, போலியானது, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாதது, சொன்ன தேதிக்குப் பின் வந்து சேர்ந்தது ஆகிய எதையும் திருப்பி வாங்க மறுக்கக் கூடாது. தாமதத்துக்கு மட்டும், வெள்ளம் போல நம் கையில் இல்லாத காரணமாக இருந்தால் விலக்கு உண்டு. சொந்த வெப்சைட்டில் விற்கும் உங்களுக்கும் இது பொருந்தும்.

ஆக, "எக்காரணம் கொண்டும்" என்ற உங்கள் முதல் வாக்கியம் மரியாதைக் குறைவானது மட்டுமல்ல, செல்லவும் செல்லாது. அதை அப்படியே எடுத்துவிடுங்கள். மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாக இந்த இரண்டு கூடைகளில் போட்டுப் பார்ப்போம்.

தள்ளுபடிச் சேலை. ஆடித் தள்ளுபடியில் விற்றதைப் பிடிக்கவில்லை என்று திருப்பி வாங்க மாட்டோம் என்பது நியாயமான விதிவிலக்கு. ஆனால் உங்கள் வாசகப்படி, தள்ளுபடியில் வாங்கிய சேலை கிழிந்து வந்தாலும் கிடையாது. அப்படிச் சொல்ல முடியாது. குறைந்த விலை குறைக்கான அனுமதி ஆகாது. குறை இருப்பது தெரிந்தே மலிவாக விற்கிறீர்கள் என்றால் அந்தக் குறையைச் சேலையின் பக்கத்திலேயே சொல்லுங்கள்: "முந்தியில் ஓர் அங்குல நீளத்துக்கு நூல் இழுத்திருக்கிறது, படம் 4 பாருங்கள்." இப்படிச் சொல்லி விற்றால், அந்தக் குறையைக் காட்டி யாரும் ரிட்டர்ன் கேட்க மாட்டார்கள். "செகண்ட்ஸ்" என்று மட்டும் போட்டால் கேட்பார்கள், ஏனென்றால் எது குறை என்று அவர்களுக்குத் தெரியாது.

துவைத்தது, தைத்தது. பிடிக்கவில்லை என்பவர் துவைத்துவிட்டுத் திருப்பி அனுப்ப முடியாதுதான். ப்ளவுஸ் துணியை வெட்டிவிட்டாலும், ஃபால்ஸ் வைத்துவிட்டாலும், குஞ்சம் கட்டிவிட்டாலும் அதைப் புதுச் சேலையாக மறுபடி விற்க வழியில்லை. இதைக் காரணத்தோடு சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

சிக்கல் வேறொன்றில் இருக்கிறது. சாயம் போகிறதா என்பது துவைத்தால்தானே தெரியும்? அரக்குக் கரையும் வெள்ளை உடலும் உள்ள பருத்திச் சேலை. ஒருவர் முதல் தடவை நனைக்கிறார். கரையின் சாயம் உடலில் இறங்கித் திட்டுத் திட்டாகிவிடுகிறது. "துவைத்த சேலைக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று நீங்கள் சொன்னால், கண்டுபிடிக்கவே முடியாத குறைக்கு அவரைத் தண்டிக்கிறீர்கள் என்று பொருள். அவர் கோபம் முழுக்க நியாயம்.

இங்கே கோடு எங்கே என்று நீங்கள்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அடர்ந்த நிறப் பருத்தி முதல் ஓரிரு தடவை தண்ணீரில் கொஞ்சம் நிறம் விடும், அது இயல்பு. ஒரு நிறம் பக்கத்து நிறத்தின் மேல் ஏறினால் அது குறை. இந்த வித்தியாசத்தை விதியிலேயே எழுதுங்கள். கூடவே, எப்படித் துவைக்க வேண்டும் என்ற சீட்டு பார்சலுக்குள் இருக்கட்டும்: முதல் தடவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில், ஊறவைக்காமல். அந்தச் சீட்டு இல்லாமல் "தவறாகத் துவைத்தீர்கள்" என்று யாரிடமும் சொல்ல முடியாது. அனுப்பும் முன் ஈரமான வெள்ளைத் துணியால் கரையின் உள்பக்கத்தைத் தேய்த்துப் பார்க்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால் இந்தப் புகார்களில் பெரும்பகுதி வரவே வராது. அது விதி எழுதும் வேலை இல்லை, ஆனால் நன்றாக எழுதிய விதியைவிட அது பெரிய உதவி.

அன்பாக்சிங் வீடியோ. உங்கள் வியாபாரத்தில் இது ஏன் வந்தது என்று தெரியும். நல்ல சேலையை எடுத்துக்கொண்டு பழையதைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. வீடியோ கேட்பதில் தவறில்லை. ஆனால் அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். சாட்சி இல்லை என்பதால் குறையும் இல்லை என்று ஆகிவிடாது. வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர் ஒரு கையில் போனையும் இன்னொரு கையில் கத்தரிக்கோலையும் வைத்துக்கொண்டு பார்சலைப் பிரிப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். "கட்டாயம், இல்லையெனில் எந்தப் புகாரும் ஏற்கப்படாது" என்பதை எடுத்துவிட்டு, "பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைத்தால் உங்கள் புகாரை உடனே முடித்துவிடலாம். இல்லையென்றால் குறை தெரியும்படி இரண்டு படங்களும் பார்சல் மேல் ஒட்டியிருந்த சீட்டின் படமும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்ல ஒரு நாள் கூடுதலாக ஆகலாம்" என்று எழுதுங்கள். வீடியோ எடுப்பவருக்கு வேகம் கிடைக்கிறது. எடுக்காதவருக்குக் கதவு மூடவில்லை. ஏமாற்றுபவரைப் பிடிக்கும் வழியும் உங்கள் கையிலேயே இருக்கிறது: அனுப்பும் முன் சேலையின் முந்தியையும் எடையையும் நீங்களே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

நிற வேறுபாடு. "பொறுப்பல்ல" என்ற ஒரு சொல்லில் இரண்டு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. போன் திரையில் சற்று வெளிறியோ அடர்ந்தோ தெரிவது ஒன்று. அது பிடிக்காத கூடையில் விழும், 7 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். மாம்பழ மஞ்சள் என்று படம் போட்டுவிட்டு எலுமிச்சை மஞ்சள் வந்தால் அது விளம்பரத்தில் சொன்னது இல்லை, தவறு உங்களுடையது. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த சேலைகள் அசைக்க அசைக்க நிறம் மாறித் தெரியும். அவற்றுக்குப் பக்கத்திலேயே "பச்சைப் பாவு, நீல ஊடை, வெளிச்சத்துக்குத் தகுந்தபடி மயில் கழுத்து நிறம் மாறும்" என்று எழுதிவிட்டால் விதிப் பக்கத்தில் தற்காப்பு வாக்கியம் தேவைப்படாது. கைத்தறியில் வரும் சிறு முடிச்சுக்கும் இதே வழிதான்.

48 மணி நேரம். வெளியூர் போயிருந்தவர், பக்கத்து வீட்டில் பார்சல் வாங்கி வைத்தவர், மகளுக்கு வாங்கி அவளிடம் கொடுத்தவர் எல்லாரும் இதில் விழுந்துவிடுவார்கள். பிடிக்காததற்கு 7 நாள், குறைக்கு 2 நாள் என்பது தலைகீழாகவும் இருக்கிறது. உங்கள் தவறுக்குத்தானே அதிக நேரம் தர வேண்டும்? கண்ணுக்குத் தெரியும் குறைக்கும் 7 நாள், துவைத்தால் தெரியும் குறைக்கு 30 நாள் என்று வையுங்கள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதையும் சொல்லுங்கள். "பார்சல் உங்கள் கைக்கு வந்த மறுநாள்தான் முதல் நாள்" என்று எழுதிவிட்டால் விவாதமே இல்லை. அதோடு, 7-ஆம் நாளுக்குள் தகவல் சொன்னால் போதுமா, கூரியரில் போட்டிருக்க வேண்டுமா? இதைச் சொல்லாத விதிகள்தான் அதிகம், இதனால் வரும் சண்டையும் அதிகம். தகவல் சொன்னால் போதும் என்று வைப்பது உங்களுக்கும் எளிது, ஏனென்றால் வாட்ஸ்அப்பில் தேதி தானாகவே பதிவாகிவிடுகிறது.

நிர்வாகத்தின் முடிவே இறுதியானது. இறுதி முடிவு சொல்ல நுகர்வோர் ஆணையம் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். இந்த வாக்கியம் யாரையும் தடுக்காது, எரிச்சல் மட்டும் ஊட்டும். அந்த இடத்தில் குறைதீர்ப்புக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதை எழுதுங்கள். எப்படியும் மின் வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பு விவரமும் வெப்சைட்டில் இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததைச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிறிய கடையில் அது நீங்களாகவே இருக்கலாம்.

சரி, இப்போது மொழிக்கு வருவோம். தமிழில் விதி எழுதும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. நிபந்தனை, விலக்கு, கெடு எல்லாவற்றையும் முன்னால் அடுக்கினால், "உண்டா, இல்லையா" என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். அதுவரை படிப்பவர் எல்லாவற்றையும் தலையில் சுமக்க வேண்டும். சுமக்க முடியாதவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பயந்து, விலக்கைக் கடைசியில் கொண்டுபோய் ஒட்டினால் வேறு ஆபத்து.

முன்பு நான் வாடிக்கையாளர் கடிதங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜவுளிக் கடையில், கிட்டத்தட்ட உங்கள் இரண்டாவது வாக்கியம்தான் பில்லின் பின்னால் அச்சாகியிருந்தது: "குறையுள்ள பொருட்கள் 7 நாட்களுக்குள் மட்டும் மாற்றித் தரப்படும், தள்ளுபடிப் பொருட்கள் தவிர." ஓர் அம்மா இருபதாம் நாள் ஒரு தள்ளுபடிச் சேலையோடு வந்தார். "தள்ளுபடிப் பொருளுக்கு 7 நாள் கணக்குக் கிடையாது என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?" என்று பில்லைத் திருப்பிக் காட்டினார். கவுன்டரில் இருந்தவர் சிரித்தார். நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அந்த அம்மா படித்தபடியும் அதைப் படிக்கலாம். "தவிர" எதைத் தவிர்க்கிறது, மாற்றித் தருவதையா, 7 நாள் கெடுவையா என்று வாக்கியத்தில் எதுவுமே சொல்லவில்லை. சேலையை மாற்றிக் கொடுத்தோம். மறுவாரம் பில்லை மாற்றி அடித்தோம்.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழி எளிது. ஒரு வாக்கியத்தில் ஒரு சங்கதி. முதலில் "உண்டு" என்பதைச் சொல்லி வாக்கியத்தை முடித்துவிடுவது. பிறகு "ஆனால்" என்று தொடங்கி, எதற்குக் கிடையாது என்பதைத் தனி வாக்கியமாகச் சொல்வது. "தவிர", "நீங்கலாக", "உட்பட்டு" மூன்றையும் விதிப் பக்கத்தில் பயன்படுத்துவதே இல்லை. "மட்டும்" எழுதினால், அது எந்தச் சொல்லைக் கட்டுப்படுத்துகிறதோ அந்தச் சொல்லுக்குப் பின்னாலேயே அது நிற்கிறதா என்று பார்ப்பேன்.

இன்னொன்று "திரும்ப". திருப்பி அனுப்புவது, மாற்றித் தருவது, பணம் திருப்பித் தருவது ஆகிய மூன்றும் வேறு வேறு. "திரும்பப் பெறலாம்" என்று எழுதினால் யார் எதைப் பெறுவது என்று தெரியாது. ரிட்டர்ன், மாற்றித் தருதல், ரீஃபண்ட் என்று மூன்றுக்கும் மூன்று சொல் வைத்துக்கொண்டு கடைசிவரை அவற்றையே எழுதுங்கள். அழகுக்காகச் சொல்லை மாற்றும் இடம் இது இல்லை. பணத்துக்குப் பதில் அடுத்த தடவை கழித்துக்கொள்ளும் தொகையைத் தருவதாக இருந்தால் அதை ரீஃபண்ட் என்று சொல்லாதீர்கள். குறையுள்ள சேலைக்கு அதைத் திணிக்கவும் கூடாது. வேண்டுமென்று அவர் சொன்னால் சரி.

மரியாதை எங்கே போகிறது என்றும் பார்த்துவிடுவோம். உங்கள் பழைய வாசகத்தில் ஆட்களே இல்லை. "பெறப்பட மாட்டாது", "பரிசீலிக்கப்படும்", "ஏற்கப்படாது" என்று எல்லாம் தானாக நடக்கிறது. வாங்குபவரும் இல்லை, விற்பவரும் இல்லை, கடைசியில் "நிர்வாகம்" மட்டும் வந்து நிற்கிறது. கவுன்டரில் நின்று பேசும்போது நீங்கள் யாரும் இப்படிப் பேச மாட்டீர்கள். "நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்", "நீங்கள் அனுப்புங்கள்" என்று மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்குப் பெரும்பாலானவர்கள் செய்வது "தயவுசெய்து", "மன்னிக்கவும்" இரண்டையும் அள்ளித் தெளிப்பது. "தயவுசெய்து கவனிக்கவும்: எந்தப் புகாரும் ஏற்கப்படாது" என்பதில் தயவு எங்கே இருக்கிறது? எனக்கு அது ரயில் நிலைய அறிவிப்பு போலத்தான் கேட்கிறது. விதிப் பக்கத்தில் மன்னிப்பே கேட்காதீர்கள். உங்கள் தவறு நடந்தபோது, அந்த ஆளிடம் கேளுங்கள்.

மறுப்பை மென்மையாக்குவது காரணம்தான். ஒவ்வொரு விதிவிலக்குக்கும் அரை வாக்கியத்தில் காரணம் சொல்ல முடிகிறதா பாருங்கள். சொல்ல முடியாத விதிவிலக்கு ஒன்று இருந்தால், அது அங்கே ஏன் இருக்கிறது என்று உங்களையே கேட்க வேண்டியதுதான்.

இவ்வளவையும் வைத்து உங்கள் பக்கத்தை இப்படி எழுதுவேன்:

> சேலை பிடிக்கவில்லை என்றால்
> பார்சல் கைக்கு வந்த 7 நாளுக்குள் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். வந்த மறுநாள்தான் முதல் நாள். நாங்கள் வாங்கிக்கொண்டு சேலையின் விலையைத் தந்துவிடுகிறோம். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு உங்களுடையது. முதலில் அனுப்பிய கூரியர் கட்டணம் திரும்ப வராது.
>
> ஆனால் இந்த மூன்றை மட்டும், பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காக எங்களால் வாங்கிக்கொள்ள முடியாது:
> – உடுத்திய, துவைத்த, ப்ளவுஸ் வெட்டிய, ஃபால்ஸ் வைத்த அல்லது குஞ்சம் கட்டிய சேலை. அதை இன்னொருவருக்குப் புதிதாக விற்க முடியாது.
> – உங்களுக்காகவே நிறம் சொல்லி நெய்த சேலை. தறியில் ஏற்றும் முன் உங்களிடம் மாதிரி காட்டி ஒப்புதல் வாங்குவோம்.
> – தள்ளுபடி விலையில் வாங்கிய சேலை. மிச்சம் இருக்கும் சரக்கை அடக்க விலைக்கே தருகிறோம்.
>
> எங்கள் பக்கம் தவறு என்றால்
> கிழிசல், கறை, வேறு சேலை மாறி வந்தது, படத்தில் காட்டியதற்கு மாறான நிறம், சொன்ன தேதிக்குப் பின் வந்தது: இவற்றை 7 நாளுக்குள் சொல்லுங்கள். ஒரு நிறத்தின் சாயம் இன்னொரு நிறத்தில் ஏறினால் 30 நாளுக்குள் சொல்லுங்கள், துவைத்திருந்தாலும் பரவாயில்லை. தள்ளுபடிச் சேலைக்கும் நெய்து வாங்கிய சேலைக்கும் இதெல்லாம் உண்டு.
> வேறு சேலை வேண்டுமா, பணம் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். கூரியர் செலவு இரண்டு பக்கமும் எங்களுடையது.
> ப்ளவுஸ் வெட்டும் முன், ஃபால்ஸ் வைக்கும் முன் சேலையை ஒரு தடவை முழுதாக விரித்துப் பாருங்கள். அதன் பிறகு தெரியும் கிழிசல் எங்களிடம் இருந்தே வந்ததா என்று கண்டுபிடிப்பது கடினம்.
>
> பணம் எப்போது வரும்
> சேலை எங்களிடம் வந்து சேர்ந்த 2 வேலை நாளில் அனுப்பிவிடுவோம். நீங்கள் எந்த வழியில் கட்டினீர்களோ அந்த வழியிலேயே வரும். உங்கள் வங்கிக் கணக்கில் தெரிய மேலும் சில நாள் ஆகலாம். பார்சல் வாங்கும்போது பணம் கொடுத்திருந்தால் யுபிஐ ஐடி மட்டும் கேட்போம். ஓடிபியோ பின் நம்பரோ கேட்கவே மாட்டோம்.

இதற்குக் கீழே அன்பாக்சிங் வீடியோ பற்றிய இரண்டு வாக்கியங்களும் குறைதீர்ப்பு அலுவலர் விவரமும் வரும். மொத்தத்தில் பழையதைப்போல ஐந்து மடங்கு நீளம். பரவாயில்லை. சின்னதாக இருந்த விதியால் யாருக்கும் லாபம் இல்லை. தலைப்புகள் இருப்பதால் தனக்கு வேண்டியதை ஒருவர் பத்து விநாடியில் கண்டுபிடித்துவிடுவார். "அடக்க விலைக்கே" என்று நான் எழுதியிருப்பது உண்மையாக இருந்தால் மட்டும் வையுங்கள்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. சேலை 2,450 ரூபாய், கூரியர் 80, மொத்தம் 2,530 கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிடிக்கவில்லை என்று 90 ரூபாய் செலவழித்துத் திருப்பி அனுப்பினால் அவருக்கு 2,450 வரும்; கைக்காசு 170 போயிருக்கும். சேலை கிழிந்து வந்திருந்தால் 2,530-உம், அவர் கட்டிய 90-உமாக 2,620 வரும். "எல்லாரும் அனுப்பிவிடுவார்கள்" என்ற உங்கள் பயத்துக்கும் இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. 170 ரூபாயும் கூரியர் கடைக்கு ஒரு நடையும் சும்மா அனுப்பிப் பார்ப்பவர்களை நிறுத்திவிடும்.

வாங்கியபின் சண்டை வராமல் இருக்க இந்தப் பக்கம் மட்டும் போதாது. விதிப் பக்கத்தைப் பணம் கட்டும் முன் திறந்து பார்ப்பவர்கள் மிகச் சிலர். ஆகவே, விதிவிலக்கு எந்தச் சேலைக்கோ அந்தச் சேலையின் விலைக்குக் கீழேயே ஒரு வரி போடுங்கள்: "தள்ளுபடி விலை. பிடிக்கவில்லை என்று ரிட்டர்ன் செய்ய முடியாது. குறை இருந்தால் வாங்கிக்கொள்வோம்." வாட்ஸ்அப்பில் விற்கும்போது கியூஆர் கோடு அனுப்பும் செய்தியிலேயே அதே வரியைச் சேருங்கள். அந்த ஆர்டருக்கு எது பொருந்துமோ அது மட்டும் போதும். முழு விதியையும் ஒட்டினால் மறுபடி யாரும் படிக்க மாட்டார்கள்.

விதியை மீறி ஒருவர் கேட்கும்போது எழுதும் பதிலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல விதியை வைத்துக்கொண்டு பதிலில் கோட்டை விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடியில் வாங்கியவர் "கலர் டல்லா இருக்கு, ரிட்டர்ன் எடுத்துக்கோங்க" என்கிறார். "விதிகளைப் படித்துப் பார்க்கவும்" என்று பதில் போடுவது கன்னத்தில் அறைவது மாதிரி. இப்படி எழுதலாம்: "வணக்கம்ங்க. படத்தை வெளியே, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை எடுத்து அனுப்புறீங்களா? நாங்க போட்ட படத்துக்கும் சேலைக்கும் நிறம் நிஜமாவே மாறியிருந்தா அது எங்க தவறு, வாங்கிக்கிறோம். நிறம் அதேதான், உங்களுக்குப் பிடிக்கலைன்னா, தள்ளுபடிச் சேலைங்கிறதால இதை ரிட்டர்ன் எடுக்க முடியாதுங்க." முதலில் அவருக்குச் சாதகமான வழியைத் திறந்து பார்க்கிறோம். பிறகு "முடியாது" என்பதை மழுப்பாமல் சொல்கிறோம். "பார்க்கிறோம்", "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்று இழுப்பது மரியாதை போலத் தெரியும், ஆனால் மூன்று நாள் கழித்து அதே "முடியாது" இரண்டு மடங்காகக் கசக்கும்.

சில நேரம் விதியைத் தாண்டிக் கொடுக்கத் தோன்றும். கொடுங்கள். ஆனால் அதைச் சொல்லிக் கொடுங்கள்: "9-ஆம் நாள் ஆகிவிட்டது, இருந்தாலும் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்ததால் இந்தத் தடவை வாங்கிக்கொள்கிறோம்." காரணத்தைச் சொன்னால் அதே காரணம் உள்ள அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு நோட்டில் குறித்து வைத்தால், ஒரே காரணத்துக்கு நாலைந்து தடவை தாண்டியிருப்பது தெரியும். அப்போது அந்தக் காரணத்தை விதிக்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம்.

வெளியிடும் முன் ஒரு சோதனை. கடையோடு சம்பந்தமில்லாத மூன்று பேரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்து ஐந்து நிலைமைகளைக் கேளுங்கள். தள்ளுபடியில் வாங்கிய சேலை, 5-ஆம் நாள், பிரிக்கவே இல்லை, நிறம் பிடிக்கவில்லை, பணம் உண்டா? சாதாரண விலைச் சேலை, துவைத்தாயிற்று, 20-ஆம் நாள், சாயம் கரையிலிருந்து இறங்கிவிட்டது, உண்டா? ஃபால்ஸ் வைத்தபின் கிழிசல் தெரிகிறது, உண்டா? 7-ஆம் நாள் இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப் செய்தி வருகிறது, பார்சல் 10-ஆம் நாள்தான் கிளம்புகிறது; உண்டா? பொங்கலுக்கு முன் வரும் என்று சொன்ன சேலை பொங்கல் கழித்து வந்தது, சேலை நன்றாகவே இருக்கிறது, உண்டா?

நீங்கள் எதையும் விளக்கக் கூடாது, பக்கத்தைப் பார்த்து அவர்களே சொல்ல வேண்டும். இருவர் வேறு வேறு பதில் சொன்னால் அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். மூன்றாவது கேள்விக்கு மூவரும் தடுமாறுவார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் நான் எழுதியதிலேயே அது முழுதாக மூடவில்லை. "கடினம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன், "முடியாது" என்று சொல்லவில்லை. நெசவிலேயே விட்டுப்போன இழையா, தையல் ஊசியோ கத்தரியோ பட்டுக் கிழிந்ததா என்பதைத் துணியைக் கையில் வாங்கிப் பார்த்தால் நெய்பவர் பெரும்பாலும் சொல்லிவிடுவார். அப்படிப் பார்த்துச் சொல்ல உங்களிடம் ஆள் இருந்தால், "சேலையை அனுப்புங்கள், எங்கள் நெசவாளர் பார்த்துச் சொல்வார், நெசவுக் குறை என்றால் பணமும் கூரியர் செலவும் தந்துவிடுகிறோம்" என்று அந்த வரியை முடித்துவிடலாம். ஆள் இல்லையென்றால், சந்தேகத்தின் பலனை வாடிக்கையாளருக்கே கொடுப்பதா என்று முதலில் நீங்கள் தீர்மானித்துக்கொண்டு, அதன் பிறகு எழுதுங்கள்.